வட்ட மேசைப் புதிரில் இடமும் வலமும்

வங்கித் தேர்வுகளில் வரும் இருக்கைப் புதிரில், 'மாலாவுக்கு இடப்புறம் இரண்டாவதாகக் குமார்' என்றால் அது யாருடைய இடது கை? மாலாவுடையது. 'க்கு' ஒட்டிய பெயரை முதலில் எழுதி, அவர் பார்க்கும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். மையத்தைப் பார்த்து உட்கார்ந்தால் அவர் இடம் கடிகாரச் சுற்று, வலம் எதிர்ச்சுற்று. வெளிப்பக்கம் பார்த்தால் இரண்டும் மாறிவிடும்.

ஆறு பேர், எல்லாரும் மையத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த குறிப்புகள்: குமாருக்கு உடனடி வலப்புறம் ரவி, குமாருக்கு எதிரே செல்வி, செல்விக்குப் பக்கத்தில் பாபு, மீதி தேவி. சரியாகப் போட்டால் கடிகாரச் சுற்றில் மாலா, ரவி, குமார், தேவி, பாபு, செல்வி.

முதல் குறிப்பைத் திருப்பி, குமாருக்கு இடப்புறம் இரண்டாவதாக மாலா என்று வைத்தால் மாலா, செல்வி, பாபு, ரவி, குமார், தேவி என்று வரும். வில்லங்கம் என்னவென்றால், எங்கும் முட்டாது. மற்ற குறிப்புகள் எல்லாம் அழகாகப் பொருந்தும். மாலாவுக்கு எதிரே தேவி இருக்க வேண்டிய இடத்தில் ரவி இருப்பார். அந்த விடையும் பெரும்பாலும் தெரிவுகளில் இருக்கும்.

அதனால் படம் முடிந்ததும், முதல் குறிப்பைக் கேள்வித்தாளிலேயே மறுபடி படியுங்கள். தாளைச் சுழற்றி, மாலாவின் இருக்கையை உங்கள் பக்கம் கொண்டுவந்து, உங்கள் இடது கைப் பக்கமாக இரண்டு இடம் எண்ணிப் பாருங்கள். அங்கே குமார் இல்லையென்றால் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாகவே வரைந்துவிடுங்கள்.