ஏழில் ஒன்று: ஈவைப் பார்த்து நிறுத்தாதீர்கள், மீதியைப் பார்த்து நிறுத்துங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். தசம விரிவு நடத்தும்போது 1/7 வந்தே தீரும். அதை யாரும் தப்பாகப் போடுவதில்லை. 0.142857 போட்டு, மறுபடி 1, 4, 2 என்று வரத் தொடங்கியதும் முதல் ஆறு இலக்கத்தின் மேல் கோடு இழுத்துவிட்டு நோட்டை நீட்டுவார்கள். விடை சரிதான். "எதை வைத்து நிறுத்தினாய்?" என்று கேட்டால்தான் கோளாறு தெரியும். "வந்த நம்பரே திரும்ப வந்துச்சு சார்" என்பார்கள்.

இந்தப் பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் போன மாதம் ஒரு பையன் நோட்டில் பார்த்தேன். அவனுக்கு 1/17 கொடுத்திருந்தேன். 10-இல் 17 போகாது, 0. 100-இல் ஐந்து தடவை போகும், மீதி 15. 150-இல் எட்டு தடவை, மீதி 14. 140-இலும் எட்டு தடவை. அதோடு பேனாவை மூடிவிட்டான். "எட்டுக்கு அப்புறம் எட்டே வருது சார், இனிமே எல்லாம் எட்டுதான்." 0.05888... என்று எழுதி 8-இன் மேல் கோடு போட்டிருந்தான்.

அந்த விடையைப் பின்னமாக மாற்றினால் 53/900 வரும். அது 1/17 ஆக இருந்தால் 53 × 17 சரியாக 900 வர வேண்டும். வருவதோ 901. ஒன்றுதான் வித்தியாசம் என்பதால் பார்த்த மாத்திரத்தில் தப்பு கண்ணில் படாது. ஆனால் தப்பு தப்புதான். முதல் 8 வந்தபோது கையில் நின்ற மீதி 14. இரண்டாவது 8 வந்தபோது மீதி 4. அடுத்து 40-ஐத்தான் வகுக்கப் போகிறோம், வருவது 2. மீதி வேறாக இருக்கும்போது கணக்கு பழைய வழியில் எப்படிப் போகும்? முழுசாகப் போட்டால் 0588235294117647 என்ற பதினாறு இலக்கமும் வந்த பிறகுதான் மீதி 1-க்குத் திரும்புகிறது.

இப்போது 1/7-ஐ மீதியோடு சேர்த்துப் போட்டுப் பார்ப்போம்.

```
10 ÷ 7 : ஈவு 1, மீதி 3
30 ÷ 7 : ஈவு 4, மீதி 2
20 ÷ 7 : ஈவு 2, மீதி 6
60 ÷ 7 : ஈவு 8, மீதி 4
40 ÷ 7 : ஈவு 5, மீதி 5
50 ÷ 7 : ஈவு 7, மீதி 1
```

கடைசி வரியில் மீதி 1. நாம் தொடங்கியதே 1-இல்தான். அடுத்து வகுக்க வேண்டியது மறுபடி 10. அதை வகுத்தால் முதல் வரியே அப்படியே வரும், அதன் பின்னால் இரண்டாவது வரி, மூன்றாவது வரி. நிறுத்த வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு படியிலும் நாம் செய்வது ஒரே வேலை: மீதிக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டு ஏழால் வகுப்பது. அதனால் அடுத்து என்ன வரும் என்பதை அந்த மீதி மட்டுமே முடிவு செய்கிறது. இதுவரை எழுதிய ஈவுக்கு அதில் பங்கே இல்லை.

ஆறு இலக்கத்துக்கு மேல் ஏன் போகாது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஏழால் வகுத்தால் மீதி 0 முதல் 6 வரை ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். 0 வந்தால் வகுத்தல் அங்கேயே முடிந்துவிடும். ஏழுக்கு அது வராது, ஏனென்றால் 10, 100, 1000 இவற்றையெல்லாம் 2, 5 ஆகவே பிரிக்க முடியும், அதில் 7 எங்கும் கிடையாது. மிச்சம் இருப்பது 1 முதல் 6 வரை ஆறு மீதிதான். ஆறும் தீர்ந்துவிட்டால் ஏழாவது படிக்குப் புது மீதி கிடையாது, பழையது ஒன்று வந்தே ஆக வேண்டும். "ஏழால் வகுக்கிறோம், அதனால் ஏழு இலக்கம்" என்று எழுதும் பிள்ளைகள் அந்த 0-வையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடுகிறார்கள்.

அப்படியானால் 1/7-இல் ஈவைப் பார்த்து நிறுத்தியவர்களுக்கு மட்டும் ஏன் சரியாக வருகிறது? வகுக்கும் எண் பத்தைவிடச் சிறியது, அதுதான் காரணம். மீதி ஒன்று கூடினால் வகுபடும் எண் பத்து கூடும். ஏழு பத்துக்குள் அடங்குவதால் ஈவும் குறைந்தது ஒன்றாவது கூடியாக வேண்டும். ஆகவே இரண்டு வேறு மீதிக்கு ஒரே ஈவு வரவே முடியாது. மீதி 1, 2, 3, 4, 5, 6 என்றால் ஈவு முறையே 1, 2, 4, 5, 7, 8. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பதினேழில் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது: 15, 14 இரண்டு மீதிக்கும் ஈவு 8 தான். ஏழில் பழகிய கை பதினேழில் சறுக்குவது இதனால்தான். 1/7-ஐ மட்டும் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகும் ஆசிரியர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. நல்ல விடை வந்துவிடுவதால் கெட்ட பழக்கம் தெரியாமலே உள்ளே உட்கார்ந்துவிடுகிறது.

கால்குலேட்டரை நம்புவதும் இதே வகைத் தப்பு. 1 ÷ 7 போட்டால் சில கால்குலேட்டரில் 0.1428571429 என்று வரும். 9 எங்கிருந்து வந்தது? அடுத்து வர வேண்டியவை 8, 5, 7. திரையில் இடம் இல்லாததால் 8-ஐ 9 ஆக முழுமையாக்கிவிட்டது. ஒரு பெண் "இந்தச் சுழற்சியில் 9 உண்டு" என்று அடித்துச் சொன்னாள். மேலே உள்ள ஈவுகளைப் பார்த்தாலே தெரியும், எந்த மீதிக்கும் ஈவு 9 கிடையாது. 0, 3, 6 ஆகியவையும் கிடையாது. 1/17 போட்டால் அந்தத் திரையில் பதினாறு இலக்கமும் தெரியவே தெரியாது. கடைசி இலக்கத்தை நம்பாதீர்கள், கோடு போடும் முடிவைக் கால்குலேட்டரிடம் விடவே விடாதீர்கள்.

சரிபார்க்க நான் சொல்லிக் கொடுப்பது ஒரே ஒரு பெருக்கல்: 142857 × 7 = 999999. தொகுதியில் 1 இருந்து, தசமப் புள்ளிக்கு அடுத்த இலக்கத்திலேயே சுழற்சி தொடங்கினால், கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணை வகுத்த எண்ணால் பெருக்கும்போது எல்லாம் ஒன்பதாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிசகு. நீளத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் இது உதவும். 9, 99, 999 என்று ஏழால் வகுத்துக்கொண்டே போனால் மீதி 2, 1, 5, 3, 4 என்று வந்து, ஆறு ஒன்பதில்தான் 0 ஆகிறது.

அடுத்த தப்பைக் கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் செய்வார்கள். ஏழுக்கு ஆறு, பதினேழுக்குப் பதினாறு என்று பார்த்ததும், "வகுக்கும் எண்ணில் ஒன்று குறைத்தால் போதும்" என்று விதி கட்டிவிடுவார்கள். அது உச்ச வரம்பு மட்டுமே. அத்தனை மீதியும் ஒரே வட்டத்தில் வந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1/13 போடுங்கள். மீதி 1, 10, 9, 12, 3, 4 என்று போய் மறுபடி 1. ஆறே படி, விடை 0.076923. அப்படியானால் 2, 5, 6, 7, 8, 11 எங்கே போயின? 2/13-இல் இருக்கின்றன: 2, 7, 5, 11, 6, 8, பிறகு மறுபடி 2. விடை 0.153846. பன்னிரண்டு மீதியும் ஆறு ஆறாகப் பிரிந்து இரண்டு தனி வட்டமாகிவிட்டன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழியே கிடையாது. வகுக்கும் எண் 2, 5 அல்லாத பகா எண்ணாக இருந்தால், அதில் ஒன்று குறைத்து வரும் எண்ணைச் சுழற்சியின் நீளம் மீதியில்லாமல் வகுக்கும். 11-க்கு 2, 37-க்கு 3.

ஏழில் ஒரே வட்டம் என்பதால்தான் 2/7, 3/7 எல்லாவற்றுக்கும் அதே ஆறு இலக்கம் வருகிறது, தொடங்கும் இடம்தான் மாறுகிறது. இதைக் கேட்டதும் பிள்ளைகள், "அப்போ 2/7-க்கு ஒரு இலக்கம் தள்ளி 428571" என்று எழுதிவிடுவார்கள். அது 3/7. ஒன்றுக்கு அடுத்த மீதி 2 அல்ல, 3. மீதியின் வரிசை 1, 3, 2, 6, 4, 5. அதில் 2 எங்கே நிற்கிறது என்று பாருங்கள், மூன்றாவது. ஆகவே மூன்றாவது இலக்கத்தில் தொடங்க வேண்டும்: 285714.

புதுச்சேரியில் இருந்து வந்து படிக்கும் ஒரு பையனுக்கு இதை அவன் ஊர் புல்வாரை வைத்துச் சொன்னேன். அண்ணா சாலை, சர்தார் படேல் சாலை, கடற்கரை, சுப்பையா சாலை என்று நகரத்தைச் சுற்றி ஒரு வளையம். எந்த முனையில் வண்டியை எடுத்தாலும் ஒரே திசையில் போனால் அதே இடங்கள் அதே வரிசையில் வரும், முதலில் வரும் இடம்தான் வேறாக இருக்கும்.

அவனே அடுத்த நாள் 1/14 போட்டுவிட்டுத் தவித்தான். "சார், ஒன்னு வரவே மாட்டேங்குது." மீதி 1 திரும்ப வரும் வரை போக வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தான். நோட்டில் இரண்டு பக்கம் போயிருந்தது. மீதியை வரிசையாக எழுதச் சொன்னேன்: 1, 10, 2, 6, 4, 12, 8, 10. பத்து ஏற்கெனவே வந்திருக்கிறது. திரும்ப வருவது 10, 1 அல்ல. பதினாலில் ஒளிந்திருக்கும் 2 தான் இதைச் செய்கிறது. சுழி சேர்த்து வகுக்கும் எண் எப்போதும் இரட்டை எண், 14-உம் இரட்டை எண், அதனால் மீதியும் இரட்டையாகத்தான் இருக்கும். 1 ஒற்றை, அதற்குத் திரும்ப வழி இல்லை.

"நீ கடலூரில் இருந்து கிளம்பிப் புல்வாருக்குள் நுழைகிறாய். அங்கே எத்தனை சுற்று சுற்றினாலும் கடலூர் வருமா?" என்றேன். சிரித்துவிட்டு 0.0714285 என்று எழுதினான். முதலில் 0 முதல் 5 வரை ஏழு இலக்கத்தின் மேலும் கோடு இழுத்தான். பிறகு மீதி வரிசையை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, புள்ளிக்கு அடுத்த 0-வின் மேல் இருந்த கோட்டை மட்டும் ரப்பரால் அழித்தான்.