இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வரவில்லையா? மெயிலை இப்படி எழுதுங்கள்

இன்டர்ன்ஷிப் முடிந்தும் சான்றிதழ் கைக்கு வராததற்குப் பல நேரங்களில் காரணம், அதைத் தயாரிக்கும் எச்.ஆர். ஊழியரிடம் உங்கள் விவரம் முழுதாக இல்லாததுதான். அவர் உங்களோடு வேலை செய்தவர் அல்ல. அதனால் "சான்றிதழ் எப்போது கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டால், மெயில் அப்படியே கிடக்கும். அவர் யாரிடமும் விசாரிக்காமல் டைப் செய்யும் அளவுக்கு எல்லாவற்றையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

மெயிலின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"நான் தரவுப் பகுப்பாய்வுப் பிரிவில் ஜூன் 3 முதல் ஜூலை 26 வரை இன்டர்ன்ஷிப் செய்தேன். விற்பனை அறிக்கைகளைத் தயாரிக்கும் பணியில் இருந்தேன். கல்லூரியில் ஆகஸ்ட் 20க்குள் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், ஆகஸ்ட் 14க்குள் சான்றிதழ் அனுப்ப வேண்டுகிறேன்."

இதோடு கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடி முழுப்பெயர், பதிவு எண், மேற்பார்வையாளர் பெயர் ஆகியவற்றையும் எழுதுங்கள். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதுகூட முக்கியம்; பெயர் பொருந்தாவிட்டால் கல்லூரி திருப்பி அனுப்பக்கூடும். தேதிகள் ஆஃபர் லெட்டரில் இருப்பவைதானா என்று பாருங்கள். இடையில் நீட்டித்திருந்தால் அந்த மெயிலையும் ஆஃபர் லெட்டரோடு இணையுங்கள். லெட்டர்ஹெட், கையொப்பம், முத்திரை, மொத்த மணிநேரம் என்று கல்லூரி எதையாவது கேட்டால், அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மேற்பார்வையாளரை சிசியில் வையுங்கள், அவர் "சரி" என்று ஒரு வரி எழுதினாலே வேலை நகரும். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால், புது மெயில் போடாமல் அதே மெயிலுக்கு ரிப்ளை போட்டு நினைவூட்டுங்கள். அப்புறமும் தாமதமானால், பணிக்காலத்தை உறுதிசெய்து மேற்பார்வையாளரை அலுவலக மெயிலில் எழுதித் தரச் சொல்லி, அதைத் தற்காலிகமாக ஏற்பார்களா என்று உங்கள் கல்லூரித் துறையில் கேளுங்கள்.