உலக நீதிமன்றத்தில் கருத்து கேட்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போன மாதம் ஒரு மனுவைப் படித்தேன். கச்சத்தீவு பற்றிய மனு, நாலு பக்கம், நீல மையில் கையால் எழுதியது. கடைசிப் பத்தி இப்படி இருந்தது: "சர்வதேச நீதிமன்றத்தில் எங்கள் சங்கத்தின் சார்பில் ஆலோசனைக் கருத்து கேட்டு, அந்தத் தீர்ப்பை இரு நாடுகளும் நிறைவேற்ற உத்தரவிட வேண்டும்." எழுதியவர் படகு வைத்திருப்பவர், சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். "வக்கீல் சார், சட்டப்படி சரியா இருக்கா பாருங்க" என்றார்.

அந்த ஒரே வாக்கியத்தில் மூன்று தவறுகள் இருந்தன: யார் கேட்கலாம் என்பதில் ஒன்று, கேட்டால் என்ன கிடைக்கும் என்பதில் ஒன்று, கிடைத்ததை வைத்து என்ன செய்ய முடியும் என்பதில் ஒன்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன், இதே மூன்றையும் செய்தித்தாளிலும் டிவி விவாதத்திலும் படித்தவர்கள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். அன்று அவரிடம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சாகோஸ் தீவுகளின் கதையைச் சொல்லித்தான் விளக்கினேன், இங்கேயும் அதையே சொல்கிறேன்.

முதல் தவறு, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நினைப்பது. உலக நீதிமன்றம் என்று நாம் சொல்லும், ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்கு இரண்டு வேலை. நாடும் நாடும் வழக்காடினால் தீர்ப்பு சொல்வது ஒன்று, ஐ.நா. அமைப்புகள் சட்டக் கேள்வி கேட்டால் கருத்து சொல்வது இன்னொன்று. கருத்து கேட்கும் வாசல் சங்கத்துக்கு மட்டுமல்ல, தமிழ்நாடு அரசுக்கும் கிடையாது, ஏன், இந்திய அரசுக்கே நேராகக் கிடையாது. ஐ.நா. சாசனத்தின் 96ஆம் பிரிவுப்படி பொதுச்சபையும் பாதுகாப்புச் சபையும் எந்தச் சட்டக் கேள்வியையும் கேட்கலாம், மற்ற ஐ.நா. உறுப்புகளும் சிறப்பு முகமைகளும் பொதுச்சபை அனுமதி கொடுத்திருந்தால், அதுவும் தங்கள் வேலைக்குள் வரும் விஷயத்தில் மட்டும் கேட்கலாம். இந்தக் கடைசி நிபந்தனை சும்மா பேச்சுக்கு வைத்தது இல்லை. போரில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டப்படி சரியா என்று உலக சுகாதார நிறுவனம் 1993இல் கேட்டது. உடல்நலப் பாதிப்பைக் கையாள்வது உங்கள் வேலை, ஆயுதம் சட்டப்படியானதா என்பது உங்கள் வேலைக்குள் வராது என்று சொல்லி 1996இல் நீதிமன்றம் பதில் தரவே மறுத்துவிட்டது. ஏறக்குறைய அதே கேள்வியைப் பொதுச்சபையும் கேட்டிருந்ததால், அதற்கு மட்டும் அதே நாளில் பதில் வந்தது. (எல்லா சர்வதேச நீதிமன்றத்துக்கும் இதே விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றத்தில் உறுப்பு நாடுகளே நேரடியாகக் கருத்து கேட்கலாம்.)

அப்போ ஒரு நாடு என்ன செய்யும்? பொதுச்சபையில் தீர்மானம் கொண்டுவந்து, ஆதரவு திரட்டி, வாக்கெடுப்பில் ஜெயிக்க வேண்டும். மொரிஷியஸ் அதைத்தான் செய்தது. 1965இல், மொரிஷியஸ் இன்னும் தன் காலனியாக இருந்தபோதே, பிரிட்டன் அதிலிருந்து சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரித்துத் தனியாக வைத்துக்கொண்டது. 1968இல் மொரிஷியஸுக்கு விடுதலை கிடைத்தது, தீவுகள் திரும்பவில்லை. அங்கே குடியிருந்த மக்களை 1973க்குள் முழுவதுமாக வெளியேற்றிவிட்டு, அவற்றில் பெரிய தீவான டியாகோ கார்சியாவை அமெரிக்காவின் ராணுவத் தளத்துக்குக் கொடுத்தார்கள். 2017 ஜூனில் இந்த விஷயத்தில் கருத்து கேட்கும் தீர்மானம் பொதுச்சபையில் 94க்கு 15 என்று நிறைவேறியது, 65 நாடுகள் ஒதுங்கி நின்றன. இந்தியா ஆதரவாக வாக்களித்தது.

இங்கே நான் எப்போதும் நிறுத்திக் காட்டுவது கேள்வியை எழுதிய விதம். "சாகோஸ் யாருக்குச் சொந்தம்?" என்று அவர்கள் கேட்கவே இல்லை. அப்படிக் கேட்டிருந்தால், இது எங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள சொத்துத் தகராறு, என் சம்மதம் இல்லாமல் நீதிமன்றம் இதில் நுழையக் கூடாது என்ற பிரிட்டனின் வாதத்துக்குப் பலம் கூடியிருக்கும். அந்த வாதத்துக்கு முன்னுதாரணமும் உண்டு: 1923இல் பின்லாந்துக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் நடுவில் தகராறாக இருந்த கிழக்குக் கரேலியா பகுதி விஷயத்தில், ரஷ்யா கலந்துகொள்ள மறுத்ததால், அன்றைய உலக நீதிமன்றம் கருத்து சொல்லாமல் விலகிக்கொண்டது. அதனால் கேள்வியை வேறு விதமாக அமைத்தார்கள். 1968இல் மொரிஷியஸின் காலனி நீக்கம் சட்டப்படி முழுமையாக முடிந்ததா? பிரிட்டன் இன்னும் அங்கே ஆட்சி செய்வதால் சர்வதேசச் சட்டத்தில் என்ன விளைவு? காலனி நீக்கம் பொதுச்சபையின் நேரடி வேலை, எனவே கேள்வி நின்றது. பிரிட்டன் அதே ஆட்சேபத்தைச் சொல்லத்தான் செய்தது, நீதிமன்றம் ஏற்கவில்லை.

இரண்டாவது தவறு, வருவதைத் தீர்ப்பு என்று அழைப்பது. 2019 பிப்ரவரி 25 அன்று கருத்து வந்தது, 13 நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். காலனி நீக்கம் சட்டப்படி முடியவில்லை, பிரிட்டன் கூடிய விரைவில் தன் நிர்வாகத்தை முடித்துக்கொள்ளக் கடமைப்பட்டது என்றது. மறுநாளே "பிரிட்டன் வழக்கில் தோற்றது" என்ற பேச்சு கிளம்பியது. அங்கே வழக்கும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. கேட்டது பொதுச்சபை, பதில் போனதும் பொதுச்சபைக்கு. வழக்கின் தீர்ப்பு என்றால் அந்த இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், மீறினால் பாதுகாப்புச் சபையிடம் போகலாம். ஆலோசனைக் கருத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த மே மாதம் பொதுச்சபை 116க்கு 6 என்ற வாக்கில், ஆறு மாதத்துக்குள் வெளியேறு என்று பிரிட்டனைக் கேட்டது. நவம்பரில் கெடு முடிந்தது, பிரிட்டன் அசையவில்லை. கருத்து வந்துவிட்டாலே காரியம் ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த நவம்பரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐ.நா.வின் சலுகைகள், விலக்குரிமைகள் பற்றிய 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையில், ஐ.நா.வுக்கும் ஒரு உறுப்பு நாட்டுக்கும் தகராறு வந்தால் ஆலோசனைக் கருத்து கேட்டு அதையே முடிவாக ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த மலேசிய வழக்கறிஞர் பரம் குமாரசாமி மீது அவர் நாட்டிலேயே அவதூறு வழக்குகள் போட்டபோது, 1999இல் வந்த கருத்து அந்த வகையைச் சேர்ந்தது. அங்கே கட்டாயம் வருவது கருத்தினால் அல்ல, நாடுகள் முன்பே கையெழுத்திட்ட உடன்படிக்கையினால்.

மூன்றாவது தவறுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது, ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் சட்டம் படித்தவர்கள். கட்டுப்படுத்தாது என்றால் அது வெறும் காகிதம்தானே என்கிறார்கள். சாகோஸில் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். மொரிஷியஸுக்கும் மாலத்தீவுக்கும் கடல் எல்லை பிரிக்க வேண்டியிருந்தது, அது சர்வதேசக் கடல்சார் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வுக்குப் போனது. மாலத்தீவு ஒரு தடை எழுப்பியது: சாகோஸ் யாருடையது என்றே முடிவாகவில்லை, உரிமை கொண்டாடும் பிரிட்டன் இந்த வழக்கில் இல்லை, அப்புறம் எப்படி எல்லை பிரிப்பீர்கள்? அதோடு, உலக நீதிமன்றம் சொன்னது வெறும் ஆலோசனைதானே என்றது.

2021 ஜனவரி 28 அன்று அந்த அமர்வு சொன்ன பதிலை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு கருத்து கட்டுப்படுத்துமா என்பது ஒரு கேள்வி, அதற்கு அதிகாரபூர்வமான மதிப்பு உண்டா என்பது வேறு கேள்வி, இரண்டையும் குழப்பக் கூடாது என்றது. ஐ.நா.வின் முதன்மை நீதி அமைப்பு தீர்ப்புக்குக் காட்டும் அதே கண்டிப்போடு சட்டத்தை ஆராய்ந்துதான் கருத்தும் சொல்கிறது, ஆகவே சட்டம் என்ன என்பதில் அதன் எடை தீர்ப்பைவிடக் குறைந்ததில்லை என்றது. அந்தக் கருத்துக்குப் பிறகும் பிரிட்டன் உரிமை கொண்டாடுவது வெறும் கூற்று என்று ஒதுக்கியது, மொரிஷியஸைக் கரையோர நாடாக ஏற்றது, 2023 ஏப்ரலில் எல்லையைப் பிரித்தும் கொடுத்தது. அந்த எல்லைத் தீர்ப்பு இரு நாடுகளையும் கட்டுப்படுத்தும். கட்டுப்படுத்தாத ஒரு கருத்தின் மேல் கட்டுப்படுத்தும் ஒரு தீர்ப்பு இப்படித்தான் எழும்பியது. தபால்தலை வரைக்கும் இது போனது: பிரிட்டன் அந்தத் தீவுகளுக்கென்று வெளியிட்ட தபால்தலைகளை ஏற்பதில்லை என்று 2021இல் உலகத் தபால் ஒன்றியம் முடிவு செய்தது.

கடைசியில் பிரிட்டன் பேச்சுக்கு வந்து, 2025 மே 22 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதன்படி இறையாண்மை மொரிஷியஸுக்கு, டியாகோ கார்சியாவைப் பயன்படுத்தும் உரிமை 99 ஆண்டுக்குப் பிரிட்டனுக்கு. கையெழுத்து வேறு, நடைமுறைக்கு வருவது வேறு என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, பிரான்ஸ் ஒப்புதல் கொடுத்துச் சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். நம் ஊரில் ஆட்சி முதலில் வந்து சட்டம் பின்னால் வந்தது. சாகோஸில் சட்டம் முதலில் போய்ப் பேச்சுக்கு வழி திறந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் படகுக்காரர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "சரி சார், அப்போ இந்தியா இலங்கை மேல வழக்காவது போடலாம்ல?" என்றார். அதுவும் சுலபமில்லை, காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளில் உலக நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதில்லை என்று இந்தியாவே எழுதிக் கொடுத்திருக்கிறது, இலங்கை காமன்வெல்த் நாடு. கச்சத்தீவைக் கருத்துக் கேள்வியாகப் பொதுச்சபைக்குக் கொண்டுபோனாலும், இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஒரு எல்லை விஷயத்துக்கு நூறு நாடுகளின் ஆதரவை எதைச் சொல்லிக் கேட்பது?

கடைசிப் பத்தியை அடித்துவிட்டு இருவரும் சேர்ந்து புதிதாக எழுதினோம். வெளியுறவு அமைச்சகத்துக்கு முகவரி மாறியது. தீர்ப்பு, உத்தரவு என்ற சொற்கள் போயின. கச்சத்தீவு பற்றி இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974 ஒப்பந்தத்தின் 5ஆம், 6ஆம் பிரிவுகள் நம் மீனவர்களுக்குக் கொடுத்த உரிமைகள் எவை, அவற்றில் இன்று எது நடைமுறையில் இருக்கிறது என்று இலங்கையிடம் எழுத்துமூலம் கேட்டு வாங்கும்படி கோரினோம். அவர் அதே நீலப் பேனாவில் நல்ல பிரதி எடுத்தார்.