வாளியில் தெரிவது பானையின் நிறமல்ல

பினாங்கில் மட்பாண்ட வகுப்புக்குப் புதிதாக வருபவர்கள் பானை மேல் பூசும் கிளேஸ் கரைசல் இருக்கும் வாளியை எட்டிப் பார்த்துத்தான் நிறம் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே தெரிவது மூலப்பொடியின் நிறம். சூளையில் அது உருகிக் கண்ணாடியான பிறகுதான் உண்மை நிறம் வரும். கோபால்ட் கார்பனேட் கலந்த கிளேஸ் ஈரத்தில் வெளிர் ஊதா, வெந்தால் நீலம்.

அதிகம் ஏமாற்றுவது இரும்பு ஆக்சைடுதான். 2 சதவீதம் போட்டால் ஈரத்தில் இளஞ்சிவப்பு, 9 சதவீதம் போட்டால் செங்கல் நிறம். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான். ஆனால் 1200 டிகிரிக்கு மேல் மின்சூளையில் சுட்டால் முதலாவது பெரும்பாலும் தேன் நிறமாகும். இரண்டாவது கறுப்பை ஒட்டிய பழுப்பாகி, மெலிந்த விளிம்பில் மட்டும் துருச்சிவப்பு காட்டும். காஸ் சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டாலோ, அந்த 2 சதவீதமே சாம்பல் பச்சையாக வரும்.

சரி, முன்கூட்டியே எப்படிப் பார்ப்பது? பானைக்கு எடுத்த அதே களிமண்ணில் சின்னத் துண்டு செய்து, நிற்கும்படி அடியை மடித்து, கிளேஸ் பூசாமல் சூளையில் முதல் சூடு முடித்துவிடுங்கள். அப்புறம் அடிப்பகுதியை விட்டுவிட்டு கிளேஸில் ஒருமுறை முக்கி, மேல்பாதியை மட்டும் இன்னொரு முறை முக்குங்கள். கனம் கூடினால் நிறம் எப்படி மாறுகிறது, எவ்வளவு வழிகிறது என்று இரண்டும் தெரியும். படுக்கவைத்துச் சுட்டால் வழிவது தெரியாது. அது எந்த கிளேஸ் என்று காட்டும் எண் ஒன்றை இரும்பு ஆக்சைடு கரைசலில் துண்டின் அடியில் எழுதுங்கள். மார்க்கர் மை எரிந்துபோகும்.