ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்டால்

"சாப்டாச்சா?" என்பது பெரும்பாலும் வணக்கம்தான். "ஆச்சுங்க, நீங்க?" போதும். "இல்லை" என்றால் அவர் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். பிறகு மறுப்பது சங்கடம்.

வயதைக் கேட்பவருக்குப் பல சமயம் தேவை எண் அல்ல, உங்களை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். "உங்களைவிடச் சின்னவன்தாண்ணே" என்றால் தம்பி ஆகிவிடுவீர்கள், கேள்வி முடிந்தது.

கல்யாணக் கேள்விதான் வில்லங்கம். "இன்னும் இல்லீங்க" என்று நிறுத்தினால் அடுத்த நொடியே "ஏன்?" வரும். "வீட்ல பாக்கறாங்க" என்றாலோ ஜாதி, சம்பளம் என நீளும். அதனால் மூச்சுவிடாமல், "இன்னும் இல்லீங்க, நீங்க மதுரையா, திருநெல்வேலியா?" என்று ஊரைக் கேளுங்கள். ஊர்ப்பேச்சு தொடங்கினால் கல்யாணம் மறந்துபோகும். தனியாகப் போகும் பெண்ணிடம் மறுபடியும் அதையே கேட்டால் பதில் வேண்டாம். டிக்கெட் பரிசோதகரிடம் வேறு இடம் கேட்கலாம்.