எம்.பி.ஏ. எஸ்ஸே: ஷார்ட் டெர்ம் கோலையும் லாங் டெர்ம் கோலையும் கோர்ப்பது எப்படி?

ஷார்ட் டெர்ம் கோல் என்பது படிப்பு முடிந்ததும் சேரும் வேலையும் அதில் கழியும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளும். லாங் டெர்ம் என்பது சுமார் பத்தாண்டு கழித்து நிற்கும் இடம். இது எல்லோருக்கும் தெரியும். எழுதும்போது கோட்டை விடுவது இரண்டுக்கும் நடுவில்தான்.

மாதிரிக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். ஐ.டி. கம்பெனியில் ஐந்து ஆண்டு டெஸ்டிங் அனுபவம். க்ளையன்ட் ஓர் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். அவருடைய முதல் டிராஃப்ட் இப்படி இருக்கும்:

"எம்.பி.ஏ. முடித்ததும் முன்னணி கன்சல்டிங் நிறுவனத்தில் சேர்வேன். பிறகு சிறு மருத்துவமனைகளுக்கு இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் மென்பொருள் தரும் நிறுவனம் தொடங்குவேன்."

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல ஆசைகள். ஆனால் இரண்டையும் பிடித்து வைத்திருப்பது "பிறகு" என்ற ஒரே சொல்.

1. லாங் டெர்மை முதலில் எழுதுங்கள்

யாருக்கு, எந்த இடத்தில், என்ன வலி என்பது வரும்வரை சுருக்குங்கள். இவர் விஷயத்தில்: காலையில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார், கேஷ்லெஸ் அப்ரூவல் வராததால் நோயாளி மாலைவரை கட்டிலிலேயே இருக்கிறார். டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2024 மே மாதம் காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் ஒரே ஆள் இருக்கும் மருத்துவமனையில் ஒரு பேப்பர் விடுபட்டாலும் கொயரி வரும், பதில் போகும், மறுபடி கொயரி வரும். அந்தக் கொயரிகளை முன்கூட்டியே தடுக்கும் மென்பொருள்தான் இவர் கனவு. "ஹெல்த்கேரில் மாற்றம் கொண்டுவருவேன்" என்று எழுதினால் அடுத்த படிக்கே போக முடியாது.

2. கையில் இல்லாததைப் பட்டியலிடுங்கள்

இதற்குக் காகிதமும் பேனாவும் போதும். எக்செல் திறந்தால் கட்டம் கட்டுவதிலேயே பொழுது போய்விடும்.

க்ளெய்ம் மென்பொருளுக்குள் எப்படி நகர்கிறது என்று இவருக்குத் தெரியும். தெரியாதவை மூன்று: காப்பீட்டு நிறுவனம் எதைப் பார்த்து ஒப்புக்கொள்கிறது அல்லது மறுக்கிறது; மருத்துவமனைக்கு என்ன விலையில் விற்பது; முதலீட்டையும் ஆட்களையும் எப்படிச் சமாளிப்பது.

3. பட்டியலைப் பிரித்துக் கொடுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொன்றுக்கும் எதிரே "வகுப்பு" அல்லது "வேலை" என்று எழுதுங்கள். மூன்றுமே வகுப்பில் கிடைக்கும் என்றால் ஷார்ட் டெர்ம் வேலை எதற்கு? மூன்றும் வேலையிலேயே கிடைத்துவிடும் என்றால் எம்.பி.ஏ. எதற்கு? உங்கள் எஸ்ஸேயைப் படிப்பவர் கேட்கப்போகும் கேள்விகளும் இவைதான்.

விலை நிர்ணயம், நிதி, ஆட்களை நடத்துவது ஆகியவற்றுக்கு வகுப்பில் அடித்தளம் கிடைக்கும். க்ளெய்மை ஏன் மறுக்கிறார்கள் என்பதை உள்ளே உட்கார்ந்துதான் கற்க முடியும். ஆக, ஷார்ட் டெர்ம் வேலை தானாகவே வந்து விழுகிறது: மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில், க்ளெய்ம் பிரிவின் ப்ராடக்ட் மேனேஜர்.

4. மாற்றிப் போட்டுப் பாருங்கள்

பழைய டிராஃப்டில் கன்சல்டிங்கை எடுத்துவிட்டு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்று போடுங்கள். வாக்கியம் அலுங்காமல் நிற்கும். அப்படி நின்றால் இணைப்பே இல்லை என்று அர்த்தம். புதியதில் அதே மாற்றத்தைச் செய்தால் உடனே இடிக்கும்:

"சிறு மருத்துவமனைகளின் க்ளெய்ம் கொயரிகளைக் குறைக்கும் நிறுவனம் தொடங்க, அந்தக் கொயரிகள் ஏன் எழுகின்றன என்று காப்பீட்டு நிறுவனத்தின் பக்கமிருந்து தெரிந்தாக வேண்டும். அதனால் முதலில் அங்கே க்ளெய்ம் பிரிவின் ப்ராடக்ட் மேனேஜராகச் சேர்வேன்."

"பிறகு" போய் "அதனால்" வந்துவிட்டது, கவனித்தீர்களா?

5. அந்த வேலை அந்தக் கல்லூரியிலிருந்து கிடைக்குமா?

பிளேஸ்மென்ட் ரிப்போர்ட்டில் துறைவாரி அட்டவணையைப் பாருங்கள். அதைவிட எனக்கு நம்பிக்கை லிங்க்ட்இன்னில்தான்: கல்லூரிப் பக்கத்தில் முன்னாள் மாணவர் பகுதிக்குப் போய், பதவிப் பெயரைத் தேடுங்கள். ஐ.எஸ்.பி.யின் ஓராண்டு பி.ஜி.பி. போன்ற படிப்புகளில் சம்மர் இன்டர்ன்ஷிப் கிடையாது. புது வேலையைச் சோதித்துப் பார்க்க இடைவெளி இல்லை. அங்கே துறை, பணி, நாடு மூன்றையும் ஒரே தாவலில் மாற்றுவேன் என்றால் நம்புவது கஷ்டம். நம் ஆளுக்குக் காப்பீட்டுத் துறை பழக்கமானது, அதனால் தப்பித்தார்.

கொலம்பியா பிசினஸ் ஸ்கூல் விண்ணப்பத்தில், படிப்பு முடிந்ததும் என்ன வேலை என்பதை 50 எழுத்துக்குள் கேட்டு வந்திருக்கிறது. இடைவெளியும் கணக்கில் சேரும். "ப்ராடக்ட் மேனேஜர், க்ளெய்ம்ஸ், ஹெல்த் இன்ஷூரர்" என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் 39. உங்களுடையது 50-க்குள் அடங்கவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு வேலைகளை ஒன்றாகத் திணித்திருப்பீர்கள்.

பின்சேர்க்கை: "அப்பாவின் கம்பெனிக்கே திரும்புகிறேன், எனக்கு ஏது ஷார்ட் டெர்ம்?" என்று கமென்ட்டில் சிலர் கேட்டிருந்தீர்கள். திரும்புவது தாராளமாக ஷார்ட் டெர்ம் ஆகலாம். ஆனால் "குடும்பத் தொழிலில் சேர்வேன்" என்று விட்டுவிடாமல், எந்தப் பிரிவை எடுப்பீர்கள், இன்று அங்கே அதை யார் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். யாருமே பார்க்கவில்லை என்றால் அதுதான் உங்கள் இரண்டாம் படியின் பட்டியல்.