சட்டப் பட்டதாரியின் ரெசுமே: லாயர் ஆபீஸ் விளம்பரத்தில் சறுக்கும் இடங்கள்

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் வளர்ந்து சட்டம் படித்த பிள்ளைகள், விண்ணப்பம் அனுப்பும் முன் ரெசுமேயை என்னிடம் கொண்டு வருவதுண்டு. ஈப்போ லாயர் ஆபீஸ்களின் விளம்பரங்களில் வழக்கமாக மூன்று கேட்பார்கள்: வழக்கறிஞராகப் பதிவு, ஆவணம் வரையும் பழக்கம், கோர்ட் அனுபவம்.

அண்மையில் வந்த ஒரு தங்கையின் ரெசுமேயில் பெயருக்குக் கீழே ‘எல்.எல்.பி., சி.எல்.பி., வழக்கறிஞர்’ என்று இருந்தது. கடைசிச் சொல்லை முதலில் அடித்தேன். சி.எல்.பி. தேர்வு வெறும் தகுதிதான், பதிவு ஆகாது. அதற்குப் பிறகு, மாஸ்டர் எனப்படும் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெறும் ஒன்பது மாத சேம்பரிங் முடித்து, உயர் நீதிமன்றத்தில் லாங் கால் ஆனால்தான் வழக்கறிஞர். அதன் பிறகும் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழ் எடுக்க வேண்டும். அவர் சேம்பரிங் தொடங்கியது மார்ச் 3. விளம்பரம் வந்தது செப்டம்பரில். ஆகவே, “மார்ச் 3 முதல் சேம்பரிங்; டிசம்பர் தொடக்கத்தில் ஒன்பது மாதம் நிறையும்; லாங் கால் மனு தாக்கலாகிவிட்டது” என்று மாற்றச் சொன்னேன். லாங் கால் நாளை நீதிமன்றம்தான் குறிக்கும். ஊகித்து ஒரு தேதி போட வேண்டாம். ஜனவரியில் ஆள் தேவைப்படும் ஆபீஸ் இந்த ஒரு வரியைப் பார்த்தே முடிவெடுத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், ஷார்ட் கால் ஆனதை அவர் எழுதவே இல்லை. மூன்று மாத சேம்பரிங் முடிந்த மாணவர், நீதிமன்ற உத்தரவு பெற்று, வரம்புக்குட்பட்ட சில காரியங்களுக்குத் தானே ஆஜராக அதுதான் வழி. அதை விட்டுவிட்டு ‘நல்ல கோர்ட் அனுபவம்’ என்று எழுதினால் யார் நம்புவார்கள்? “எந்தக் கோர்ட்டில், என்னத்துக்கும்மா எழுந்து நின்னே?” என்று கேட்டேன். மாஜிஸ்திரேட் கோர்ட்டில், வழக்கின் நிலவரத்தைச் சொல்லும் மென்ஷனை அவரே பார்த்திருக்கிறார்; செஷன்ஸ் கோர்ட் விபத்து வழக்கில் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து சாட்சியம் குறித்திருக்கிறார். இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். பார்த்ததைச் செய்ததாக எழுதினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

வரைவிலும் இதே கதைதான். ‘பலவகை ஆவணங்கள்’ என்பதில் ஒன்றுமே இல்லை. விபத்து வழக்கின் கோரிக்கை மனுவா, அபிடவிட்டா, எந்த மொழியில், முழுதும் தானே எழுதியதா, ஆபீஸ் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றியதா? மலாயில் வரையத் தெரியும் என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்வது அந்த மொழியில்தான். அந்தத் தங்கைக்கு அது கைவந்த கலை, ரெசுமேயில்தான் காணோம்.

மாதிரி ஆவணம் இணைப்பவர்கள் மாஸ்டரிடம் அனுமதி வாங்கிவிட்டு, கட்சிக்காரரின் பெயர், ஐ.சி. எண், வண்டி எண் எல்லாவற்றையும் மறைத்த பிறகே அனுப்புங்கள். மறைக்காமல் அனுப்பினால், நாளை தங்கள் கட்சிக்காரரின் ரகசியமும் இப்படித்தான் வெளியே போகும் என்று அந்த ஆபீஸ் நினைக்கும்.